தருமபுரி ஒன்றும் சொல்லவில்லை

யாழ்ப்பாணம் ஆட்சேபித்தது. சிங்கப்பூர் ஆட்சேபித்தது. கோலாலம்பூர் இரண்டு பக்கத்துக்கு ஆட்சேபித்தது. தருமபுரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் தருமபுரி ஆட்களுக்குப் புரிகிற சொற்களை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிறது. சூட்டில் போன வாரம் மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் காம்பு ஒன்று உருகிவிட்டது. நம்பாதவர்கள் கடத்தூருக்கு வந்தால் காட்டுகிறேன்.

என் பெயர் கிருஷ்ணப்பன். நாற்பத்தோரு வருடம் தருமபுரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ஒரு முறை ஒரு சங்கத்தின் வாக்காளர் பட்டியலில் இறந்துபோனவர் பெயரை அடிக்க மறந்துவிட்டேன். தேர்தலன்று அந்த மனிதர் வந்து வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு, போகிற வழியில் அச்சகத்துக்கும் வந்து, "நீயாவது ஞாபகம் வெச்சிருந்தியே" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்ட அனுபவம் உள்ளவனை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா விடுவார்களா? சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் பிடித்துக்கொண்டது.

வேலை இதுதான். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற கையடக்கக் கருவி ஒன்று. அதற்குள் மடித்து வைக்கிற ஒரு தாள். அந்தத் தாளில் பதினான்கு மொழி. ஒவ்வொரு மொழிக்கும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம். தமிழுக்கும் ஒரே கட்டம். தமிழ்நாட்டுக்காரன், இலங்கைக்காரன், சிங்கப்பூர்க்காரன், மலேசியாக்காரன் எல்லோரும் அந்த ஒரு கட்டத்தைத்தான் படித்தாக வேண்டும். தமிழர் நாலு நாட்டில் இருக்கலாம், தாள் ஒன்றுதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

மொழிபெயர்த்த பிறகு ஒவ்வொரு நாட்டிலும் ஒருவர் சொற்களைப் பார்த்துக் கருத்து எழுதுவார். அதோடு, மெத்தப் படிக்காத சாதாரண ஆட்கள் ஐந்து பேரிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, புரிகிறதா என்று விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு அந்த விசாரணை என்னுடையது. ஐந்து பேர், பன்னிரண்டு வாக்கியம்.

சரியாகச் செய்வதானால், படித்ததை அவரவர் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வைத்து, சொன்னபடியே எழுத வேண்டும். முறை அதுதான். ஆனால் அவசரம் என்று அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம் மட்டும் போட்ட படிவத்தை அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர் மேனகா, இந்த வேலையை ஒருங்கிணைக்கிற அம்மா. நல்ல மனுஷி. அவசரம்தான் கெட்டது.

ஆம், இல்லை என்று எங்கள் மாவட்டத்தில் போய்க் கேட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில், ஒரு மனிதர் கையில் தாள் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்து "புரியுதா?" என்று கேட்டால் அதற்குப் பதில் ஒன்றே ஒன்று: "புரியுதுங்க." புரியவில்லை என்று சொன்னால் வந்தவரைக் குறை சொன்னதாகிவிடும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது வடநாட்டு அதிகாரி ஒருவர் ஏரியூர்ப் பக்கம் வந்து இரண்டரை மணி நேரம் தன் மொழியிலேயே பேசினார். ஊரே தலையாட்டி "புரியுதுங்க, புரியுதுங்க" என்றது. பிற்பாடு தெரிந்தது, தன் மகள் கல்யாணத்துக்கு ஊரோடு அழைத்திருக்கிறார். ஒருவரும் போகவில்லை. முந்நூறு பேருக்குப் போட்ட சாப்பாடு வீணாகி, அந்தக் கோபத்தில்தான் எங்கள் ஊருக்கு இன்றைக்கும் ரயில் வரவில்லை என்று சொல்வார்கள்.

ஐந்து பேரையும் பார்த்தேன். பன்னிரண்டு வாக்கியத்துக்கும் ஐந்து பேரும் ஆம். அறுபது 'ஆம்'. அவற்றில் நாற்பது மெய்யான ஆம், இருபது மரியாதைக்கான ஆம் என்று எனக்கே உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. எட்டாவது வாக்கியம் என்னை உறுத்தியது. 'இரத்தச் சர்க்கரை 70-க்குக் குறைந்தால் விரைவாகச் செயல்படும் கார்போஹைட்ரேட் உட்கொள்ளவும்.' கார்போஹைட்ரேட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் வெயில். படிவத்தில் எழுத இடமும் இல்லை. அனுப்பிவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது, மறைக்கவில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவர் வத்தல்மலை மாதம்மாள். ஐம்பத்தெட்டு வயது. சாமையும் கேழ்வரகும் போடுகிற சின்னக் காடு, தனி வீடு. புருஷன் இல்லை, மகள் பெங்களூரில். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். அந்த வருஷம் இரண்டு முறை காட்டிலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். சர்க்கரை ஏறி அல்ல, இறங்கி. இரண்டு முறையும் ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். மூன்றாவது முறை ஆடு வேறு பக்கம் மேயப் போயிருந்தால்? அதனால்தான் ஒரு தொண்டு நிறுவனம் மலையில் இலவசமாகக் கருவி கொடுக்கப் போகிற பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. முதியோர் வகுப்பில் படித்து எழுத்துக் கூட்டி வாசிப்பார். கிறுகிறுவென்று வரும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், தாள்தான் இருக்கும். அந்தத் தாளின் எட்டாவது வாக்கியம் அவருக்கு விளங்கியே ஆக வேண்டும்.

மூன்று வாரம் கழித்து இறுதி வடிவம் வந்தது. வாசித்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் வாசித்தேன்.

'குருதிச் சர்க்கரை மட்டம் 70 இற்குக் குறைவாயின், தயவுசெய்து துரித மாவுச்சத்து உட்கொண்டு, 15 நிமிடங்களின் பின் மீளப் பரிசோதித்து மருத்துவரை நாடவும்.'

சோப்பு சவர்க்காரமாகியிருந்தது. தொலைபேசி எண் இலக்கமாகியிருந்தது. அளவு மட்டமாகியிருந்தது. மேனகாவைக் கூப்பிட்டேன்.

"மேடம், இது என்னங்க இது?"

"ஃபைனல் சார். எல்லா நாட்டுக்கும் பொதுவான தமிழ்."

"எந்த நாட்டுக்குங்க? எனக்கே ரெண்டு தடவை படிக்க வேண்டியிருக்கு."

"சார், கமென்ட் வந்த இடத்துல எல்லாம் மாத்தினோம். கார்போஹைட்ரேட் வேணாம், காபோவைதரேற்றுனு எழுதணும்னு இலங்கையில சொன்னாங்க. சிங்கப்பூர்ல மாவுச்சத்துனு கேட்டாங்க. மலேசியாவும் அதுக்கே ஓட்டு. ரெண்டுக்கு ஒண்ணு. மாவுச்சத்துனு வெச்சோம். அதுக்குப் பதிலா இலங்கைக்குக் குருதியை விட்டுக்கொடுத்தோம்."

"தருமபுரிக்கு எதை விட்டுக்கொடுத்தீங்க?"

"உங்க ரிப்போர்ட்ல அறுபது ஆம் சார். ஒரு கமென்ட்டும் இல்ல. ஆட்சேபணை இல்லாதவங்களுக்கு எது வெச்சாலும் ஓகேனுதானே எடுத்துக்க முடியும்?"

பாருங்கள் நியாயத்தை! கத்துகிறவனுக்கு அவன் சொல். மரியாதையாக இருக்கிறவனுக்கு அடுத்தவன் சொல். பந்தியில் 'போதும்' என்று கையால் மறைத்தவன் இலையை எடுத்துப் பக்கத்து இலைக்காரனுக்குப் போட்டு, இவன்தான் கேட்கவில்லையே என்று சொல்கிற நியாயம். நான் இருந்த இடத்திலிருந்து கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாடு இரண்டு நாள் பால் மறந்துவிட்டது.

மேனகா பொறுமையாகக் கேட்டார். "சார், வெள்ளிக்கிழமை சாயந்திரம் அச்சுக்குப் போகுது. அதுக்கு முன்னால அதே அஞ்சு பேர்கிட்ட இந்த ஃபைனலைக் காட்டி ஒரு ரவுண்டு பார்க்கணும். அதுல ஒருத்தராவது 'புரியல'னு அவங்க வாயால சொல்லி, அது ரெக்கார்டிங்கோட வந்தா நான் திருப்பித் திறக்கலாம். உங்க அபிப்பிராயத்தை வெச்சுத் திறக்க முடியாது. நீங்களா எழுதி அனுப்பவும் கூடாது."

"ஒரே ஒரு 'புரியல' போதுங்களா?"

"ஒண்ணு போதும் சார்."

ஒன்றுதானே என்று நினைத்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை தருமபுரி டவுனுக்குப் போய் நூர் பாஷாவைப் பார்த்தேன். மெத்தை தைத்து விற்கிறவர், பெரிய மூக்கு, பெரிய மனசு, பதினோரு வருஷமாகச் சர்க்கரை. போனை மெத்தை மேல் வைத்து, பேசுவதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டு, சரி என்றதும் தாளைக் கொடுத்தேன். படித்தார். முகம் பஞ்சு அடைத்த உறை மாதிரி உப்பியது.

"புரியுதுங்களா பாய்?"

"புரியுதுங்க அண்ணா."

"எட்டாவது வரி?"

"அதுவும் புரியுதுங்க."

"குருதின்னா என்னங்க?"

"அதாங்க... குருதி." சுற்றிலும் பார்த்துவிட்டு, "டீ சொல்லட்டுங்களா?"

"பாய், புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"ஏன் அண்ணா அப்படிச் சொல்லணும்? இந்த வயசுல வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கீங்க. நான் புரியலன்னா உங்க வேலை கெட்டுப்போவும். அந்தப் பாவம் எனக்கு வேணாங்க."

"புரியுதுன்னாதான் என் வேலை கெடும்!"

"பார்த்தீங்களா, வெயில் தலைக்கு ஏறிடுச்சு. டேய் ஹபீப், அண்ணாவுக்கு மோர் கொண்டா."

மோர் குடித்தேன். பன்னிரண்டு ஆம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கே கடத்தூரில் இன்னும் மூன்று பேரைப் பார்த்தேன். அதில் ஒரு வாத்தியார் வீட்டம்மா, "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க, நீங்களா எழுதினீங்க?" என்று கேட்டார். நாற்பத்தெட்டு 'ஆம்' சேர்ந்துவிட்டது. மிச்சம் மாதம்மாள் ஒருவர்தான்.

வியாழக்கிழமை காலை வத்தல்மலை பஸ் ஏறினேன். மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவு எத்தனை என்று சரியான எண்ணிக்கை கிடையாது. எண்ண ஆரம்பித்தவர்கள் எல்லோரும் பாதியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுகிறார்கள். பத்து மணிக்கு மாதம்மாள் வீட்டில் இருந்தேன்.

"வாங்கண்ணா, வாங்க. உக்காருங்க. மறுக்கா மலையேற வெச்சிட்டமே உங்கள." பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, கேழ்வரகு அடை சுட்டு வைத்தார். பதிவுக்குச் சம்மதம் கேட்டேன். "எம் பேச்ச யாரு கேக்கப் போறா, போடுங்க" என்றார்.

தாளைக் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "கு...ரு...தி...ச்... சர்க்கரை... மட்டம்..." ஒரு வாக்கியத்துக்கு நாலு நிமிஷம். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புரியுதுங்க."

எனக்கு அழுகை வந்தது. "அம்மா, மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தாங்க. நல்ல சமாச்சாரமா எழுதியிருக்குது."

"சரி, கருவியில அறுபது காட்டுது. என்ன பண்ணுவீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதப் பண்றதுங்க."

"நான் இல்லைனா?"

"நீங்க ஏண்ணா இல்லாம போறீங்க? நூறு வயசு இருப்பீங்க."

இந்த மரியாதை ஒரு மனுஷியைக் கொல்லப் போகிறது, அதற்கு என் கையால் 'ஆம்' என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அடையைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். எங்கள் பக்கம் விருந்தாளியின் மனசு நோகும்படி ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஆனால் விருந்தாளி கண்ணெதிரே செத்துப்போனால்?

நெஞ்சைப் பிடிப்பதா, தலையைப் பிடிப்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையைப் பிடித்தேன்.

"அம்மா... கிறுகிறுங்குது... எனக்கும் சக்கரை. மாத்திரை போட்டுட்டுச் சாப்புடாம வந்துட்டேன். வேர்க்குது." பாயில் அப்படியே சாய்ந்தேன். உண்மையில் எனக்குச் சர்க்கரை கிடையாது. நல்லபடியாக நடிக்க மட்டும் தெரியும்.

"ஐயோ அண்ணா! அண்ணா!"

"இறங்கிடுச்சு... அறுபதுதான் இருக்கும்... அந்தத் தாளு... அதுல போட்டிருக்கு... பார்த்து... சொல்லுங்க..."

கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டேன். மாதம்மாள் தாளைப் பறித்து வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். "குருதி... மட்டம்... கொறைவாயின்... அட என்னாடி இது... துரித... மாவு... மாவுச்... மாவா? மாவு எங்க போயி நான் இப்ப அரைக்க? களி கிண்டி எறக்கறதுக்குள்ள மனுசன் போயிருவானே! உட்... உட்கொண்டு... மீள... என்னாத்த மீள?" திடீரென்று தாளைத் தரையில் அடித்தார்.

"எந்தக் கட்டையில போறவன் எழுதுனான் இத? மனுசன் சாவக் கெடக்குறான், இவன் குருதிங்கறான், மட்டங்கறான்! ஒரு எழவும் புரியல! ஒத்த வரி புரியல! இவன் வூட்டுல ஒருத்தி இப்பிடிக் கெடந்தா இதையா படிச்சுக் காட்டுவான்?"

என் உடம்பெல்லாம் புல்லரித்தது. நாற்பத்தோரு வருஷத்தில் நான் கேட்ட தமிழ்களிலேயே அதுதான் சிறப்பான தமிழ். அந்தச் சந்தோஷத்தில் எழுந்து உட்கார மறந்துவிட்டேன். அதற்குள் அவர் மாடத்திலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து, இரண்டைப் பிதுக்கி, என் தாடையைப் பிடித்து வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"இதப் போடுண்ணா, இது சக்கரை மாத்திரை, எனக்கு மயக்கம் வந்தா இதத்தான் போடுவேன்..."

எனக்கு மெய்யாகவே வேர்த்தது. சர்க்கரை இறங்கிக் கிடக்கிறவனுக்கு இன்னும் இறக்குகிற மாத்திரை! காட்டில் இரண்டு முறை விழுந்ததன் கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிறுகிறு என்றதும் கூட இரண்டு மாத்திரை போட்டிருக்கிறார். ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கி வந்ததும் யாரோ சர்க்கரைத் தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள், பிழைத்திருக்கிறார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். "அம்மா, வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?"

"நீங்க புரியலன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. அதான்..."

மாதம்மாள் என்னைப் பார்த்தார். தரையில் கிடந்த தாளைப் பார்த்தார். பேச ஆரம்பித்தபோது 'ங்க' எல்லாம் மலை இறங்கிப் போய்விட்டிருந்தது.

"எம் வூட்டுக்கு வந்து, எம் பாயில படுத்து, செத்தவனாட்டம் வேசம் கட்டுனியா? அறுபது வருசத்துக்கு மேல சோறு துன்ன ஆளா நீ? எனக்கு ஈரக்கொலையே வாயிக்கு வந்துருச்சு! ஏன்யா, புரியுதா புரியுதான்னு நாலு தபா கேட்டியே, புரியாத மாதிரி எதுக்குய்யா எழுதுனீங்க? அதச் சொல்லு மொதல்ல. புரியற மாதிரி எழுதறதுக்குத் துப்பு இல்ல, புரிஞ்சுதான்னு கேக்க மட்டும் பஸ்ஸு ஏறி வந்துர்ரீங்க!"

தரையில் கிடந்த தாளை எடுத்து மடித்தேன். துப்பு இருந்தால் நாற்பத்தெட்டு 'ஆம்' வாங்கிக்கொண்டு வந்திருப்பேனா?

கொஞ்சம் ஆறிய பிறகு சொன்னேன், மயக்கம் வந்தால் மாத்திரை கூடாது, சர்க்கரை அள்ளிப் போட வேண்டும் என்று. அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையை மாடத்தில் திருப்பி வைத்தார். பிறகு, "இத்தினி நாளு எமனுக்கு நானே விருந்து வெச்சிருக்கேன்" என்றார்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "பதிவாயிருக்குங்க. நான் செஞ்சது முறை இல்ல. நீங்க சொன்னா இப்பவே அழிச்சிடறேன்."

"எதுக்கு அழிக்கறே? அனுப்பு. எழுதுனவன் காதுல உழட்டும்."

மலையிலிருந்து இறங்கியதும் அனுப்பினேன். நான் நடித்ததையும் ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினேன். பன்னிரண்டு வாக்கியத்துக்கும் இல்லை, இல்லை, இல்லை.

சாயந்திரம் மேனகா கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. "சார், இனிமே இப்படி யாரையும் பயமுறுத்தாதீங்க. அப்புறம்... அந்த மாத்திரை... அந்த இடத்துல ஹெட்போனைக் கழட்டிட்டேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லா நாட்டுக்காரங்களையும் கால்ல கூப்பிடறேன். அச்சுக்கு நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு."

வெள்ளிக்கிழமை. நான் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தேன். முதலில் பேசியவர் யாழ்ப்பாணத்து லூர்துமேரி. இலங்கைக்குச் சொற்களைப் பார்த்தவர். குருதி அவர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து நான் வாளை உருவினேன்.

"அம்மா, குருதின்னு எழுதி எங்க சனங்களக் கொல்லப் பார்த்தீங்களே, நியாயமா?"

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. என்னட்டை இவையள் கேட்டது, உங்கட நாட்டிலை என்ன சொல் பாவிக்கிறனீங்கள் எண்டு. நான் பள்ளிக்கூடப் புத்தகத்திலை இருக்கிறதை எழுதி அனுப்பினனான். வேறை என்னத்தை எழுதுறது? எங்கட அம்மாவுக்கு விளங்குமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவ இரத்தம் எண்டுதான் சொல்லுவா. மாவுச்சத்து எண்டா அவவும் புட்டுத்தான் அவிப்பா."

வாளை உறையில் போட்டேன். சிங்கப்பூர்க்காரரும் அதையே சொன்னார்: அவர் தந்தது அலுவலகச் சொல், அவருடைய அம்மாவுக்கும் அது ஆகாது. அவருக்கு மெய்யாக இருந்த குறை ஒன்றுதான்: அங்கே விற்கிற கருவியில் அளவு முறையே வேறு, அதே எழுபதை அது 3.9 என்று காட்டும். அவர் எழுதியதிலேயே உயிர் போகிற கருத்து அது. அதை மட்டும் இடமில்லை என்று விட்டிருந்தார்கள்! எனக்கு வந்த கோபத்தில் பாதியை அவருக்காகவும் பட்டேன்.

மூன்று நாட்டுக்காரர்களும் அவரவர் பெருமைச் சொல்லைக் கொண்டுவந்து கொட்ட, நான் அறுபது 'ஆம்' கொட்ட, கடைசியில் ஒருவர் அம்மாவுக்கும் புரியாத ஒரு தமிழைச் செய்திருக்கிறோம். அதற்குப் பெயர் பொதுத் தமிழாம்!

மேனகா கேள்வியைத் திருப்பிப் போட்டார். "உங்க சொல் எதுன்னு கேக்கல. இந்தச் சொல் உங்க ஊர்ல யாருக்குப் புரியாது? அதை மட்டும் சொல்லுங்க."

வேலை ஓட ஆரம்பித்தது. இரத்தம், ரத்தம் எப்படி எழுதினாலும் எல்லோருக்கும் புரியும். 'இ' போட்டே வைத்தோம். மாத்திரை இலங்கையில் குளிசை, ஆனாலும் மாத்திரை என்றால் விளங்கும். மருத்துவர் எங்கும் செல்லும். அள்ளிச் சாப்பிடுகிற சர்க்கரைதான் தகராறு. "எங்களுக்கு அது சீனி. சர்க்கரை எண்டா வெல்லத்தைத் தேடுவினம்" என்றார் லூர்துமேரி. ஒன்றைத் தள்ளி ஒன்றை வைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் போடு என்று முடிவானது. 70-உம் 3.9-உம் அப்படியே.

'சர்க்கரை சாப்பிடு' என்று நாங்களாக எழுதிவிட முடியாது. மூலத்தில் கார்போஹைட்ரேட் என்றுதான் இருக்கிறது. 'மாத்திரை வேண்டாம்' என்பது மூலத்தில் இல்லவே இல்லை. மேனகா கம்பெனி மருத்துவருக்குக் கேள்வி அனுப்பினார், மாதம்மாள் பதிவின் ஆங்கில வடிவத்தோடு. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இரண்டையும் மூலத்திலேயே சேர்க்கிறோம், பதினான்கு மொழியிலும் மாற்றுங்கள் என்று.

கடைசியில் கட்டத்தில் இடம் போதவில்லை. பன்னிரண்டு வாக்கியத்தில் ஏழு 'தயவுசெய்து' இருந்தது. ஏழையும் எடுத்தோம். உள்ளே அடங்கிவிட்டது.

மூன்றே காலுக்கு நான் மாதம்மாளுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். 'இரத்தத்தில் சர்க்கரை 70-க்கு (3.9-க்கு) கீழே இருந்தால், உடனே 3 தேக்கரண்டி சர்க்கரை (சீனி) சாப்பிடுங்கள். அப்போது நீரிழிவு மாத்திரை போட வேண்டாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் கீழே இருந்தால் மறுபடி சாப்பிட்டு, மருத்துவரிடம் போங்கள்.'

"புரியுதான்னு நான் கேக்கல. என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க."

"மூணு ஸ்பூனு சக்கரை. மாத்திரை தொடக் கூடாது. கால் மணி கழிச்சுக் குத்திப் பாக்கணும். ஏறலன்னா இன்னொரு மூணு, அப்பறம் டாக்டரு." நிறுத்தினார். "நீரிழிவுன்னு என்னத்துக்குப் போட்டே? சக்கரை மாத்திரைன்னு போடு."

"அது நாலு நாட்டுக்கும்..."

"நாலு நாட்டுக்காரனும் வந்து எனக்கு வாயில ஊத்துவானா? தாளுல நீரிழிவுன்னு இருந்தா எந்த மாத்திரைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மூன்று இருபத்தைந்துக்கு அழைப்பைத் திரும்பத் திறந்தோம். லூர்துமேரி "மனிசி சொல்லுறது சரி" என்றார். மலேசியாக்காரர் பதினைந்து நிமிஷம் வாதாடித் தோற்றார். 'நீரிழிவு (சர்க்கரை நோய்) மாத்திரை' என்று நின்றது. நாலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது தாள் அச்சுக்குப் போனது. விசாரணைப் படிவத்தில் அந்தப் பழைய பத்தி, சொந்த வார்த்தையில் சொல்கிற பத்தி, அடுத்த வேலையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நூர் பாஷா அதில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்துக்கு 'இல்லை' சொன்னார். சொல்லிவிட்டு அரை மணி நேரம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

கருவி மலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. போன திங்கட்கிழமை மத்தியானம் மாதம்மாள் கூப்பிட்டார். காட்டில் தனியாக இருந்தாராம். ஆடு, ஆள் யாரும் இல்லை. கை நடுங்கி வேர்த்திருக்கிறது. குத்திப் பார்த்திருக்கிறார்.

"அம்பத்தாறு காட்டுச்சு. மடியில சக்கரை முடிஞ்சு வெச்சிருந்தேன், தாளுல சொன்னபடி அள்ளிப் போட்டேன். கால் மணி கழிச்சு எம்பத்தி மூணு. அப்பறம் வூட்டுக்கு நடந்தே வந்துட்டேன்."

"ரொம்ப சந்தோசங்க."

"என்னா சந்தோசம்? தலை சுத்தறப்ப அத்தினி பொடி எழுத்த எவன் படிப்பான்? எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. எவன் அச்சடிச்சான் இத? பதிவு பண்ற பொட்டிய எடு, சொல்றேன், அனுப்பு."

எடுத்தேன். பன்னிரண்டு நிமிஷம் பேசினார். அனுப்பிவிட்டேன்.